சிங்கப்பூரில் வீட்டுக்காரர், தஞ்சோங் காராங்கில் வாடகைதாரர்: வாடகையை எந்த நாணயத்தில் பேசுவது?

தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு ஓர் அடுக்குமாடி வீடுதான் முதல் சொந்தச் சொத்து. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்காமல் வாடகைக்கு விடப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் தொலைபேசியிலேயே முடிந்துவிடும். அப்போது யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒன்று, பேசப்படும் தொகை எந்த நாட்டுப் பணம் என்பது.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். மலேசியத் தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழர் தங்கள் டாலரையும் வெள்ளி என்றே சொல்கிறார்கள். "குழாய் உடைந்துவிட்டது அண்ணே, ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று வாடகைதாரர் கேட்கிறார். "சரி தம்பி, முந்நூறு வெள்ளிவரை செலவு செய்யுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார் சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரர். ஒருவர் மனத்தில் 300 ரிங்கிட், இன்னொருவர் மனத்தில் 300 டாலர். மாதக் கடைசியில் தகராறு வர இது ஒன்றே போதும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றிக்கொள்ளப்பட்டன. அந்த ஏற்பாடு முடிந்த பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போயின. 2022 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு ஏறத்தாழ 3.09 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் அது ஏறத்தாழ 3.55 ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 3.21 அளவுக்கு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தை யார் தாங்குவது என்பதே வாடகை ஒப்பந்தத்தில் தீர்க்க வேண்டிய விஷயம்.

டாலரில் பேசினால் வாடகைதாரருக்கு என்ன ஆகும்?

கணக்குப் பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வட்டார நிலவரப்படி வாடகை 700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் வீட்டுக்காரர், "மாதம் 225 சிங்கப்பூர் டாலர், அன்றைய விலைக்கு ரிங்கிட்டில் கட்டுங்கள்" என்கிறார். அன்று அது 695 ரிங்கிட்தான். வாடகைதாரருக்கு ஐந்து ரிங்கிட் இலாபம்போலவே தெரியும்.

2024 பிப்ரவரியில் அதே 225 டாலருக்கு 798 ரிங்கிட் 75 காசு தேவைப்படும். வீடு அதேதான், வசதியும் அதேதான். பக்கத்து வீட்டு வாடகையும் ஏறவில்லை. ஆனாலும் இவருக்கு மாதம் 103 ரிங்கிட் ஏறிவிட்டது. அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்குபவரிடமிருந்து நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாகப் போகிறது. அவருக்கு வருமானம் ரிங்கிட்டில் மட்டுமே என்பதால் இந்தச் சுமையை இறக்கி வைக்க அவருக்கு வேறு இடமில்லை.

இது மோசமான நிலைமையும் அல்ல. 2022-இல் இலங்கையில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டாலருக்குச் சுமார் 200 ரூபாய் இருந்தது, மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. 200 டாலர் வாடகை என்று பேசி ரூபாயில் கட்டிவந்த ஒருவருக்கு 40,000 ரூபாய் இரண்டே மாதத்தில் 72,000 ஆகியிருக்கும். சம்பளம் ரூபாயில் வாங்குபவர் இதைத் தாங்க முடியாது. அவர் வீட்டைக் காலி செய்வார், இல்லையென்றால் வாடகை பாக்கி வைப்பார். இரண்டிலும் வீட்டுக்காரருக்கும் நட்டம்தான்.

ரிங்கிட்டில் பேசினால் வீட்டுக்காரருக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்?

வீட்டுக்காரர் தரப்பு வாதமும் நியாயமாகவே தோன்றும். 700 ரிங்கிட் 2022 தொடக்கத்தில் 226 டாலர் 50 காசாக இருந்தது. 2024 பிப்ரவரியில் 197 டாலராகிவிட்டது. "எனக்கு மாதம் 29 டாலர் நட்டம்" என்று அவர் சொல்வார். ஆனால் 700 ரிங்கிட்டும் சிங்கப்பூருக்குப் போவதில்லை. வீட்டின் செலவுகள் எல்லாம் இங்கே, ரிங்கிட்டில்தான் இருக்கின்றன. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வீட்டுக்கு வங்கிக் கடன் மாதம் 350 ரிங்கிட், கட்டடப் பராமரிப்புக் கட்டணம் 60, மதிப்பீட்டு வரி, பார்சல் வரி, தீக்காப்புறுதி எல்லாவற்றையும் மாதக் கணக்காக்கினால் 40 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 450. மீதி 250.

இன்னொரு செலவும் இருக்கிறது. அது வருமான வரி. மலேசியாவில் உள்ள வீட்டின் வாடகைக்கு மலேசியாவில்தான் வரி. வரிக் கணக்கில் "வசிப்பவர் அல்லாதவர்" ஆகிவிட்ட தனிநபருக்கு 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 30 விழுக்காடு ஒரே விகித வரி விதிக்கப்படுகிறது. சுய கழிவு, பிள்ளைகளுக்கான கழிவு போன்றவை அவருக்குக் கிடையாது. ஆனால் வீட்டுக்கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு போன்ற நேரடிச் செலவுகளை வாடகையிலிருந்து கழிக்கலாம். கடனில் முதலைத் திருப்பிக் கட்டும் பகுதியைக் கழிக்க முடியாது. ஆண்டு வாடகை 8,400, கழிக்கத்தக்க செலவு 3,400 என்றால் மீதி 5,000. அதற்கு வரி 1,500, அதாவது மாதம் 125 ரிங்கிட்.

ஆகவே கடைசியில் சிங்கப்பூருக்குப் போகக்கூடியது மாதம் 125 ரிங்கிட் மட்டுமே. அது 3.09 விலையில் 40 டாலர் 45 காசு, 3.55 விலையில் 35 டாலர் 21 காசு. நாணயத்தால் வந்த உண்மையான நட்டம் ஐந்து டாலர் சொச்சம், அதாவது சுமார் 19 ரிங்கிட். அந்த 19 ரிங்கிட்டை ஈடுகட்ட, டாலர் ஒப்பந்தம் வாடகைதாரரிடம் 103 ரிங்கிட் கேட்கிறது.

கடன் கட்டி முடித்த வீடு என்றால் கணக்கு மாறும். செலவு 100 ரிங்கிட், வரி மாதம் 180 என்றால் 420 ரிங்கிட் எல்லை தாண்டும். அப்போது நட்டம் சுமார் 17 டாலர் 60 காசு, ஏறத்தாழ 62 ரிங்கிட். அது சிறிய தொகையல்ல. ஆனாலும் முழு வாடகையையும் டாலரோடு கட்டிவைத்துக் கேட்கும் 103-ஐவிடக் குறைவுதான். வாடகை பேசுவதற்கு முன் வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இங்கே கட்ட வேண்டியது போக எவ்வளவு எல்லை தாண்டுகிறது என்பதே கேள்வி.

வெளிநாட்டில் இருப்பவர் எல்லாரும் "வெளிநாட்டவர்" அல்லர்

டாலரிலேயே வாங்கலாமா என்பதற்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. பேங்க் நெகாராவின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, மலேசியாவில் வசிப்பவர் என்ற தகுதியுள்ள இருவருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் ரிங்கிட்டில்தான் இருக்க வேண்டும். இதற்கு விதிவிலக்குகள் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டுமே.

வீட்டுக்காரர் எந்தப் பக்கம் வருவார்? மலேசியக் குடியுரிமை உள்ளவர், வேறு நாட்டின் நிரந்தர வசிப்பிடத் தகுதியையும் பெற்று அந்நாட்டிலேயே வாழ்ந்தால்தான் பேங்க் நெகாராவின் கணக்கில் வசிப்பவர் அல்லாதவர் ஆகிறார். வேலை அனுமதியில் சிங்கப்பூரில் பத்து ஆண்டு இருந்தாலும் பி.ஆர். வாங்காத மலேசியர் இந்த விதிக்கு மலேசியாவில் வசிப்பவரே. அவருக்குத் தஞ்சோங் காராங்கிலிருந்து டாலரில் வாடகை கொடுப்பது, இங்கே பக்கத்து ஊர்க்காரருக்கு டாலரில் வாடகை கொடுப்பதற்குச் சமம்.

வருமான வரி வாரியம் பார்ப்பதோ வேறு அளவுகோல். அங்கே முக்கியமானது ஆண்டில் எத்தனை நாள் மலேசியாவில் இருந்தார் என்பது. 182 நாள் என்பது அடிப்படைக் கணக்கு. எனவே ஒரே மனிதர் பேங்க் நெகாராவுக்கு வசிப்பவராகவும் வரி வாரியத்துக்கு வசிப்பவர் அல்லாதவராகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் தங்கியிருக்கும் மலேசியர் பலருடைய நிலை இதுதான். ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவு செய்தால் தவறாகிவிடும்.

பணத்தை ரிங்கிட்டில் வாங்கிக்கொண்டு, தொகையை மட்டும் டாலர் விலையோடு இணைத்தால் விதியிலிருந்து தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். வெளிநாட்டு நாணயத்தைச் சார்ந்து தொகை மாறும் ரிங்கிட் கடப்பாடுகளும் அந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வருபவையே. அப்படி ஒரு விதியை எழுத விரும்புபவர் முதலில் தம் வங்கியிடமோ பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவை முகப்பான BNMLINK-இடமோ கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிங்கிட்டில் நிலையான தொகை எழுதினால் இந்தக் கேள்வியே எழாது.

பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும்?

வீட்டுக்காரர் பெயரில் மலேசிய வங்கியில் உள்ள ரிங்கிட் கணக்குதான் இரு தரப்புக்கும் வசதியான இடம். வாடகைதாரர் அங்கே 700 ரிங்கிட் போட்டதும் அவர் கடமை முடிந்தது. கடன், பராமரிப்புக் கட்டணம், வரி எல்லாம் அதே கணக்கிலிருந்து போகும். மிஞ்சுவதை எப்போது, எந்த விலைக்கு மாற்றுவது என்பது வீட்டுக்காரரின் முடிவு. வெளிநாட்டில் பி.ஆர். பெற்றுவிட்டவர் அதை வங்கியிடம் தெரிவித்து, கணக்கை வசிப்பவர் அல்லாதவருக்கான கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாதாமாதம் மாற்றி அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை. ஒரு முறை அனுப்ப 20 ரிங்கிட் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 240. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால் 80 தான். மாதம் 125 ரிங்கிட் அனுப்பும் ஒருவருக்கு இந்த 160 ரிங்கிட் மிச்சம், ஒரு மாதப் பணத்தைவிட அதிகம்.

சிலர் வாடகைதாரரையே நேராகச் சிங்கப்பூர்க் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. வாடகைதாரர் 700 அனுப்புவார். வங்கி தன் விலைக்கு மாற்றும், இடையில் இன்னொரு வங்கி கட்டணம் எடுக்கும், போய்ச் சேரும் தொகை குறையும். "குறைவாகத்தானே வந்திருக்கிறது" என்பார் ஒருவர். "நான் முழுதாகத்தான் அனுப்பினேன்" என்பார் மற்றவர். நாணயமாற்று விதியைத் தாண்டிவிட்டோமா என்ற கேள்வியும் வாடகைதாரர் தலையில் விழும். உரிமம் இல்லாத ஆளிடம் ரொக்கம் கொடுத்து அங்கே டாலராக வாங்கிக்கொள்ளும் வழி இன்னும் ஆபத்தானது. 2011-ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். பணம் போய்ச் சேரவில்லை என்றால் காட்ட ரசீதும் இருக்காது.

வீடு அப்பா பெயரிலேயே இருந்து, அவர் காலமான பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருப்பதும் உண்டு. அப்போது அக்கா ஒரு கணக்கைச் சொல்வார், தம்பி இன்னொன்றைச் சொல்வார். கையெழுத்திடுவதற்கு முன் வாடகைதாரர் வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்க வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு கணக்கு எண்ணை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். இங்கே உள்ள உறவினர் ஒருவர் உரிமையாளருக்காகக் கையெழுத்திடுவதானால் அவருக்குப் பிரதிநிதித்துவ அதிகாரப் பத்திரம் தேவை. வெளிநாட்டில் அதை நோட்டரியின் முன்னோ மலேசியத் தூதரக அதிகாரியின் முன்னோ கையெழுத்திட்டு, இங்கே உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதில் பின்வரும் பொருள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்:

1. வாடகை மாதம் 700 மலேசிய ரிங்கிட். இந்த ஒப்பந்தத்தில் வரும் எல்லாத் தொகைகளும் மலேசிய ரிங்கிட்.

2. குறிப்பிட்ட மலேசிய வங்கிக் கணக்கில் முழு ரிங்கிட் தொகை சேர்ந்ததும் அந்த மாத வாடகை கட்டப்பட்டதாகும். அதன்பின் மாற்றுவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் செலவு வீட்டுக்காரருடையது.

3. ஒப்பந்தக் காலத்தில் நாணய விலை மாறியதற்காக வாடகை மாறாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வட்டார வாடகை நிலவரத்தைப் பார்த்து இருவரும் பேசி முடிவு செய்வர். எவ்வளவு ஏறினாலும் முன்பே எழுதிய உச்ச அளவைத் தாண்டாது.

4. முன்பணம் ரிங்கிட்டில் வாங்கப்பட்டது, அதே ரிங்கிட் தொகையே திருப்பித் தரப்படும்.

5. பழுதுபார்க்க வாடகையிலிருந்து கழிக்கும் உச்சத் தொகை இத்தனை ரிங்கிட். அதற்கு மேல் எழுத்தில் சம்மதம் வேண்டும்.

நான்காவது விதியைச் சிறியது என்று விட்டுவிடக்கூடாது. இரண்டு மாத வாடகையும் மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்காக அரை மாத வாடகையும் முன்பணமாக வாங்குவது வழக்கம். 700 வாடகைக்கு அது 1,750 ரிங்கிட். அதை வீட்டுக்காரர் வாங்கிய அன்றே டாலராக மாற்றிவிட்டு, பிறகு டாலர் இறங்கிய நாளில் திருப்பித் தர நேர்ந்தால் தொகை குறைந்து நிற்கும். அந்த நட்டம் வாடகைதாரரைச் சேராது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுதிய பிறகு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், ஓர் ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டுவரையுள்ள வாடகை ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 3 ரிங்கிட். 8,400-ஐ 250-ஆல் வகுத்தால் 33.6. மீதியும் ஒரு பங்காகக் கணக்கிடப்படுவதால் 34 பங்கு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்குத் தீர்வை 102 ரிங்கிட் ஆகிறது. ஓர் ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் பங்குக்கு 1 ரிங்கிட், அதாவது 34. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. 300 வெள்ளி என்பது எந்த வெள்ளி என்று நிரூபிக்க வேண்டிய நாள் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

வாடகைதாரர் ஒவ்வொரு மாதமும் பணம் போட்டதற்கான வங்கித் திரைப்பதிவைச் சேமித்து வைக்க வேண்டும். அதில் தொகைக்கு முன் MYR என்று இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு பழக்கமாக வேண்டும். வீட்டுக்காரருக்கும் அந்தப் பதிவுகள் பயன்படும். அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-க்குள் வசிப்பவர் அல்லாதவருக்கான M படிவத்தில் வாடகையைக் காட்டும்போது அவர் எழுத வேண்டியதும் ரிங்கிட் கணக்கைத்தான்.